மகனின் கையில் பூச்சிக்கடி ஒரே நாளில் உள்ளங்கை அகலத்துக்கு வீங்கிவிட்டது: கிருமியா, ஒவ்வாமையா?

செங்காங் தாய் | ஞாயிறு, மாலை 4.10

நேற்று மாலை ஆறரை மணி அளவில் செங்காங் ரிவர்சைட் பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்தபோது என் மகனை ஏதோ ஒரு பூச்சி கடித்தது. அவனுக்கு நான்கு வயது. கடித்த இடம் இடது முன்னங்கை. வீட்டுக்கு வந்தபோது கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு தடிப்பு இருந்தது. கொசுதான் என்று நினைத்து எதுவும் செய்யவில்லை. இன்று காலை எழுந்தபோது அது ஒரு பெரிய பிஸ்கட்டின் அகலத்துக்குப் பரவியிருந்தது. இப்போது முழங்கைக்குக் கீழிருந்து முன்னங்கையின் பாதி வரை புடைத்து, தோல் இறுகிப் பளபளவென்று இருக்கிறது. தொட்டால் சூடாக இருக்கிறது. எங்கள் மாநிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியவில்லை, ஊதா கலந்த பழுப்பாகத்தான் தெரிகிறது.

காய்ச்சல் இல்லை, 36.9. சாப்பிட்டான், ஓடுகிறான், ஆனால் ஓயாமல் சொறிகிறான். எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, கிருமி ஏறிவிட்டது என்கிறார். மூத்த மகளுக்குத் தொண்டை வலிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்து பாதிப் புட்டி குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது, அதைக் கொடுக்கச் சொல்கிறார். இன்று பலதுறை மருந்தகம் மூடியிருக்கிறது. கேகே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இப்போதே ஓட வேண்டுமா, காலை வரை பொறுக்கலாமா? யாராவது சொல்லுங்கள்.

---

ஜூரோங் முருகேசன் | ஞாயிறு, மாலை 4.26

அம்மா, சாதாரணக் கொசுக்கடி அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒரே நாளில் இவ்வளவு வளர்கிறது, சூடாகவும் இருக்கிறது என்றால் அது கிருமித்தொற்றுதான். வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். கோட்டைத் தாண்டினால் சந்தேகமே இல்லை. மருத்துவமனையில் என் மனைவியின் காலுக்கு அப்படித்தான் செய்தார்கள். மருந்து கையில் இருக்கும்போது எதற்குக் காத்திருக்க வேண்டும்? இன்றே தொடங்கினால் பெரிதாகாமல் தடுக்கலாம்.

---

ஓய்வுபெற்ற தாதி | ஞாயிறு, மாலை 4.41

சகோதரி, அந்தப் புட்டியைத் தொட வேண்டாம். கலக்கி வைத்த ஆன்டிபயாடிக் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். அதோடு அது வேறொரு பிள்ளைக்கு, வேறொரு நோய்க்கு, வேறோர் எடைக்குக் கொடுத்தது.

முதலில் சில கேள்விகள். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மூச்சு விடும்போது விசில் சத்தமோ இழுப்போ இருக்கிறதா? குரல் கம்மியிருக்கிறதா? உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கியிருக்கின்றனவா? சட்டையைக் கழற்றி வயிறு, முதுகு, தொடை எல்லாம் பாருங்கள்: கடி இல்லாத இடங்களில் தடிப்பு எழும்பியிருக்கிறதா? வாந்தி, சோர்வு, மயக்கம் உண்டா? இவற்றில் ஏதாவது இருந்தால் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், 995-ஐ அழையுங்கள்.

எதுவும் இல்லையென்றால் அடுத்தது: வீக்கத்தின் ஓரத்தை விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். கையை இழுத்துக்கொண்டு அழுகிறானா, அல்லது சொறியச் சொல்லிக் கையை நீட்டுகிறானா? விரல்களை மடக்கி நீட்டுகிறானா? கடித்த புள்ளியில் சீழ் இருக்கிறதா?

---

செங்காங் தாய் | ஞாயிறு, மாலை 5.02

எல்லாம் பார்த்துவிட்டேன் அக்கா. மூச்சு நன்றாக இருக்கிறது, முகம் சாதாரணமாக இருக்கிறது. உடம்பில் வேறெங்கும் தடிப்பு இல்லை, காலில் பழைய கொசுக்கடி இரண்டு மட்டும் இருக்கிறது. அழுத்தியபோது அழவில்லை, "இன்னும் சொறிந்து விடு" என்றான். பொம்மையை அந்தக் கையால்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். நடுவில் சிறு புள்ளி இருக்கிறது, சீழ் இல்லை. நேற்று இரவு ஒன்பது மணிக்கே இருபது காசு நாணயம் அளவுக்கு வீங்கியிருந்தது என்று கணவர் இப்போது சொல்கிறார்.

---

ஓய்வுபெற்ற தாதி | ஞாயிறு, மாலை 5.30

உங்கள் கணவர் சொன்ன அந்த ஒன்பது மணிதான் இதில் எனக்கு மிகவும் பயன்படுகிறது. கடித்து மூன்று மணி நேரத்துக்குள் வீக்கம் கிளம்பிவிட்டது. தோலுக்குள் நுழைந்த பாக்டீரியா பெருகி, உடம்பு அதை எதிர்த்து வீங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களாவது ஆகும். சில மணி நேரத்தில் தொடங்கி, அரிப்போடு வளர்வது பூச்சியின் எச்சிலுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. கொசுக்கடிக்கு இரண்டு கட்டம் உண்டு. முதல் தடிப்பு இருபது நிமிடத்தில் எழும்பி அடங்கிவிடும், முருகேசன் ஐயா சொல்வது அதைத்தான். இரண்டாவது வீக்கம் மெல்ல எழும்பி, ஒன்று முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு இந்த இரண்டாவது கட்டம் மிகப் பெரிதாக வரும். சிறு பிள்ளைகளுக்கும் புதிதாக இந்த ஊருக்கு வந்தவர்களுக்கும் அதிகம் வரும், ஏனென்றால் இங்குள்ள கொசுவின் எச்சில் அவர்கள் உடம்புக்கு இன்னும் பழகவில்லை.

சூட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வாமை வீக்கத்திலும் ரத்த ஓட்டம் கூடும், தோல் சுடும். சிவப்பும் அப்படியே. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வலி. கிருமி வீக்கத்தை லேசாகத் தொட்டாலே பிள்ளை கையை இழுத்துக்கொள்வான். விண்விண்ணென்று தெறிக்கும், அந்தக் கையைப் பயன்படுத்தவே மாட்டான். உங்கள் மகன் அதே கையால் பொம்மை பிடிக்கிறான்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இன்றிரவு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் பார்க்காமல் சொல்கிறேன், ஆகவே நாளை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கோடு போடச் சொன்னது நல்ல யோசனை, அதைச் சரியாகப் போட வேண்டும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பைத் தேடினால் ஏமாந்துவிடுவோம். நல்ல வெளிச்சத்தில், கண்ணை மூடிக்கொண்டு, நல்ல தோலிலிருந்து வீக்கத்தை நோக்கி விரல் பின்புறத்தை மெதுவாக நகர்த்துங்கள். மெத்தென்ற தோல் எங்கே இறுக்கமாக மாறுகிறதோ, சூடு எங்கே தொடங்குகிறதோ, அங்கே ஒரு புள்ளி வையுங்கள். இப்படிச் சுற்றிலும் எட்டுப் பத்துப் புள்ளிகள் வைத்து அவற்றைச் சேர்த்துக் கோடு போடுங்கள். பக்கத்திலேயே நேரத்தை எழுதுங்கள். ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், இல்லையென்றால் நாளை அளவு மறந்துவிடும்.

ஈரத்துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். தூங்கும்போது கையைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். கையில் காப்போ கயிறோ இருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். அரிப்புக்குச் செட்ரிசின் சிரப் கொடுக்கலாம். அளவை மருந்துக் கடையில் வயதும் எடையும் சொல்லிக் கேளுங்கள். நகத்தை இன்றிரவே ஒட்ட வெட்டிவிடுங்கள், இதை மறந்துவிடாதீர்கள்.

---

பொங்கோல் வாசி | ஞாயிறு, மாலை 6.15

எங்கள் புளோக்கின் கீழே டெங்கிப் பதாகை தொங்குகிறது. இவ்வளவு பெரிய கடி என்றால் ஏடிஸ் கொசுவாகத்தான் இருக்கும். உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், தட்டணுக்கள் குறையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

---

ஓய்வுபெற்ற தாதி | ஞாயிறு, மாலை 6.28

கடியின் அளவுக்கும் டெங்கிக்கும் சம்பந்தம் இல்லை. காய்ச்சல் வர நான்கு முதல் பத்து நாட்கள் ஆகும், அதற்குமுன் செய்யும் பரிசோதனையில் எதுவும் தெரியாது. ஒன்றை மட்டும் மனத்தில் வைக்கலாம்: வரும் நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுங்கள், மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபன் கொடுக்காதீர்கள். டெங்கியாக இருந்துவிட்டால் அது ரத்தக் கசிவைக் கூட்டும்.

---

உட்லண்ட்ஸ் அன்பு | ஞாயிறு, இரவு 8.50

ஒவ்வாமை என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் வீட்டுப் பணிப்பெண்ணைச் சென்ற ஆண்டு துணி உலர்த்தும்போது குளவி கொட்டியது. கொட்டியது கழுத்தில், ஆனால் கால் மணி நேரத்துக்குள் தொடையிலும் வயிற்றிலும் தடிப்பு எழும்பியது. பிறகு வாந்தி எடுத்தார், எழுந்து நின்றதும் கண் இருண்டு சரிந்துவிட்டார். கொட்டிய இடத்தில் பெரிய வீக்கமே இல்லை. நாங்கள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு சுண்ணாம்பு தடவலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆம்புலன்சில் வந்தவர்கள் தொடையில் ஊசி போட்டார்கள், சில நிமிடங்களில் நிறம் திரும்பியது. சகோதரி, உங்கள் மகனுக்கும் ஒவ்வாமை என்கிறார்களே, அடுத்த முறை மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

---

செங்காங் தாய் | ஞாயிறு, இரவு 9.05

இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. தாதி அக்கா, இது அப்படி மாறுமா? அவன் தூங்குகிறான், நான் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற தாதி | ஞாயிறு, இரவு 9.24

அன்பு எழுதியது மிக முக்கியமானது, நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறார். ஆனால் அது வேறு வகை. கடித்த இடத்தில் மட்டும், அதை ஒட்டி வீங்குவது ஒன்று. கடித்த இடத்தை விட்டு வெகு தூரத்தில், தோல், மூச்சு, வயிறு, ரத்த அழுத்தம் என்று உடம்பு முழுவதும் கிளம்புவது மற்றொன்று. இரண்டாவது வகை பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கும், ஓரிரு மணி நேரத்தைத் தாண்டித் தொடங்குவது குறைவு. உங்கள் மகனைக் கடித்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கடியால் இன்றிரவு மூச்சு அடைக்கும் என்று நீங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறையைப் பற்றி: கொசுக்கடியால் உடம்பு முழுவதும் ஒவ்வாமை வருவது மிக மிக அரிது. தேனீ, குளவி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கொட்டிய இடத்தில் பெரிதாக வீங்கியவர்களில் அடுத்த கொட்டலுக்கு உடம்பு முழுவதும் கிளம்புவது பத்தில் ஒருவரைத் தாண்டாது. அன்பு வீட்டுப் பெண்ணைப் போல ஒருமுறை வந்துவிட்டவர்கள்தான் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து, அட்ரினலின் ஊசியைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

அன்பு, அப்படி நடக்கும்போது எழுப்பி நிற்க வைக்கக் கூடாது. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம். செட்ரிசின் மாத்திரை அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றாது. சுண்ணாம்பு எந்தக் கடிக்கும் வேண்டாம், பிள்ளைத் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

---

செங்காங் தாய் | திங்கள், காலை 7.10

கோட்டைத் தாண்டிவிட்டது. மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரல் அகலம் வெளியே போயிருக்கிறது. புறங்கையும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. உடல் சூடு 37.1. நன்றாகத்தான் தூங்கினான்.

---

ஜூரோங் முருகேசன் | திங்கள், காலை 7.22

நான் நேற்றே சொன்னேன். கோடு தாண்டிவிட்டது என்றால் வேறு என்ன? தாதி அம்மா படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை விஷயத்தில் காத்திருந்து பார்ப்பது சரியில்லை. உடனே ஆன்டிபயாடிக் வாங்குங்கள்.

---

ஓய்வுபெற்ற தாதி | திங்கள், காலை 7.48

ஐயா, உங்கள் மனைவியின் காலுக்குக் கோடு போட்டபோது அவருக்குக் கிருமித்தொற்று என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கோடு. இங்கே நிலைமை வேறு. முதல் இரண்டு நாட்களில் ஒவ்வாமை வீக்கமும் கோட்டைத் தாண்டும். தாண்டியது என்பது மட்டும் எதையும் சொல்லாது. எப்போது தாண்டியது, தாண்டும்போது வலி கூடியதா, காய்ச்சல் வந்ததா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

சகோதரி, இப்போது கடித்து முப்பத்தாறு மணி நேரம் ஆகிறது. இதுதான் உச்சம் வரும் நேரம். புறங்கை உப்பியது கை கீழே தொங்கியதால் நீர் இறங்கியதாக இருக்கலாம், அங்கே தோல் தளர்வானது. புதிய கோட்டை வேறு நிறப் பேனாவால் போடுங்கள். என் கணக்குச் சரியென்றால் இன்று மாலைக்குமேல் வளர்ச்சி நிற்க வேண்டும். நாளைக் காலையிலும் வளர்ந்துகொண்டே இருந்தால் என் கணக்கு தவறு, அப்போது கிருமியைத்தான் நினைக்க வேண்டும். மருத்துவரிடம் இன்று போங்கள், நேற்று எடுத்த படத்தையும் காட்டுங்கள். அவர் கையால் தொட்டுப் பார்ப்பது நான் இங்கிருந்து சொல்வதைவிடப் பெரியது.

---

தெம்பனிஸ் கதிர் | திங்கள், முற்பகல் 11.35

என் கதை வேறு மாதிரி, முருகேசன் அண்ணன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு வயது 58, பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. புலாவ் உபினில் மீன் பிடிக்கப் போனபோது கணுக்காலில் மணல் ஈ கடித்தது. முதல் இரண்டு நாள் அரிப்பு, சொறிந்தேன், பிறகு அடங்கிவிட்டது. நான்காம் நாள் மறுபடி வீங்கியது. இந்த முறை அரிப்பே இல்லை. என் பாதத்தில் உணர்ச்சி குறைவு என்பதால் வலியும் பெரிதாகத் தெரியவில்லை. இரவில் குளிர் நடுங்கியது, காலையில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இரண்டு கோடுகள் ஓடியிருந்தன, தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. மருத்துவமனையில் ஐந்து நாட்கள் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். சர்க்கரை 19-க்கு ஏறியிருந்தது.

வலி இல்லை என்றால் கிருமி இல்லை என்று என்னைப் போன்றவர்கள் நினைத்துவிடக் கூடாது.

---

ஓய்வுபெற்ற தாதி | திங்கள், மதியம் 12.20

கதிர், நீங்கள் எழுதியதற்கு நன்றி. நான் வலியை வைத்துச் சொன்னது உணர்ச்சி நன்றாக இருக்கும் தோலுக்கு. நீரிழிவு உள்ளவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்குகிறவர்கள் ஆகியோர் வீட்டில் காத்திருந்து பார்க்கக் கூடாது. கடி பெரிதானால் முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

உங்கள் கதையில் இன்னொன்றையும் கவனியுங்கள்: அடங்கிவிட்டு, மறுபடி எழும்பியது. ஒவ்வாமை வீக்கம் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கும். இறங்கியது மீண்டும் ஏறினால் சொறிந்த புண் வழியாகக் கிருமி புகுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். காலில் ஓடும் கோடு குளவி கொட்டிய முதல் நாளில் கிருமி இல்லாமலும் வரலாம். நான்காம் நாள், காய்ச்சலோடு வந்தால் விவாதமே வேண்டாம்.

---

செங்காங் தாய் | திங்கள், இரவு 8.15

மதியம் எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் தனியார் மருந்தகத்துக்குப் போனோம். மருத்துவர் கையை அழுத்திப் பார்த்தார், அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார், தொண்டையையும் நெஞ்சையும் பார்த்தார். பூச்சிக்கடிக்கு வந்த பெரிய எதிர்வினை என்று சொன்னார். ஆன்டிபயாடிக் தரவில்லை. செட்ரிசின் சிரப்பும், நாளுக்கு இரண்டு முறை மெல்லியதாகத் தடவ ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் கொடுத்தார். சொறிந்து தோல் உரிந்த இடத்தில் களிம்பைத் தடவ வேண்டாம் என்றார். மூன்றாம் நாளுக்குப் பிறகும் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்பி வரச் சொன்னார்.

இரண்டாவது கோட்டை இதுவரை தாண்டவில்லை.

---

பொங்கோல் வாசி | திங்கள், இரவு 9.00

பிள்ளைக்கு ஸ்டீராய்டு களிம்பா? தோல் வெளுத்துவிடும் என்பார்களே. நான் என் பிள்ளைகளுக்கு மஞ்சளும் வேப்பிலையும்தான் தடவுவேன்.

---

ஓய்வுபெற்ற தாதி | திங்கள், இரவு 9.17

வீரியம் குறைந்த களிம்பு, மூன்று நான்கு நாட்கள், கையில் மட்டும் என்றால் வெளுக்காது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால்தான் அந்தப் பயம். மஞ்சள் பூசினால் நாளை எது வீக்கத்தின் நிறம், எது மஞ்சள் கறை என்று மருத்துவருக்கே தெரியாது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

---

செங்காங் தாய் | புதன், காலை 7.30

வீக்கம் இறங்குகிறது. தோல் தளர்ந்து சுருங்கியிருக்கிறது, முதல் கோட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டது. பழுப்பு நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கவலைப்பட வேண்டுமா? அரிப்பு இன்னும் இருக்கிறது, இரவில் தூக்கத்தில் சொறிகிறான்.

---

ஓய்வுபெற்ற தாதி | புதன், காலை 8.05

நிறத்தைப் பார்க்காதீர்கள், அது நம் தோலில் வாரக்கணக்கில் நிற்கும், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கிலும் நிற்கும். தோல் சுருங்கியது நல்ல அடையாளம். அரிப்பு பத்து நாட்கள் வரை இருக்கலாம். இரவில் மெல்லிய பருத்திச் சட்டையை நீளக்கையோடு போட்டுவிடுங்கள்.

---

செங்காங் தாய் | வெள்ளி, மாலை 6.40

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இன்று பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வந்தபோது, சொறிந்து உரிந்த நடுப்புள்ளியில் தேன் நிறத்தில் ஈரமான பொருக்கு கட்டியிருந்தது. அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சிவந்திருக்கிறது. பக்கத்திலேயே சிறியதாக இன்னொன்று. இன்று தொட்டதும் "வலிக்குது" என்று கையை இழுத்துக்கொண்டான். காய்ச்சல் இல்லை.

---

ஓய்வுபெற்ற தாதி | வெள்ளி, மாலை 6.55

இது கிருமி. ஆறாம் நாள், இறங்கிய பிறகு, அரிப்புப் போய் வலி, தேன் நிறப் பொருக்கு, பக்கத்தில் புதிய புண். ஞாயிற்றுக்கிழமை இவற்றில் ஒன்றுகூட இல்லை. பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் இன்றிரவோ நாளைக் காலையோ மருத்துவரிடம் போங்கள். ஹைட்ரோகார்ட்டிசோனை அந்த இடத்தில் நிறுத்துங்கள். பொருக்கை வெதுவெதுப்பான நீரும் சோப்பும் கொண்டு மெதுவாகக் கழுவி, மூடி வையுங்கள். துண்டைப் பிரித்து வையுங்கள், அக்காளுக்கும் ஒட்டும்.

---

செங்காங் தாய் | சனி, மதியம் 1.10

மருத்துவரும் அதையே சொன்னார். வாய்வழி மருந்து தேவையில்லை, இரண்டு இடம்தான் என்பதால் ஃபியூசிடிக் அமிலக் களிம்பு ஐந்து நாட்களுக்குத் தடவினால் போதும் என்றார்.

---

ஜூரோங் முருகேசன் | சனி, மதியம் 1.45

பிள்ளை நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் கேட்கிறேன்: முடிவில் கிருமிதானே வந்தது? ஞாயிற்றுக்கிழமையே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் இது வந்தே இருக்காது அல்லவா?

---

ஓய்வுபெற்ற தாதி | சனி, மதியம் 2.20

ஐயா, நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கொல்வதற்கு அங்கே கிருமியே இல்லை. இது வியாழனோ வெள்ளியோ சொறிந்த நகத்தோடு உள்ளே போனது. முன்கூட்டிக் கொடுத்திருந்தால் அரிப்பு குறைந்திருக்காது, சொறிதலும் குறைந்திருக்காது. வயிற்றுப்போக்கு வந்திருக்கலாம். நடுவில் மருந்துக்குத் தடிப்பு எழும்பியிருந்தால் அது பூச்சியாலா மருந்தாலா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2020-இல் பூச்சிக்கடிக்கு எழுதிய வழிகாட்டலும் இதையே சொல்கிறது: கிருமித்தொற்றின் அடையாளம் இல்லாத கடிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், விரைவாக வரும் சிவப்பு பெரும்பாலும் கிருமி அல்ல.

---

ஜூரோங் முருகேசன் | சனி, மதியம் 2.41

நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் கதிரைப் போல ஒருவருக்கு நீங்கள் வேறு மாதிரித்தான் சொல்வீர்கள். யார் எந்த வகை என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? என் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை.

---

தெம்பனிஸ் கதிர் | சனி, பிற்பகல் 3.05

அண்ணன், நீரிழிவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், மீன் பிடிக்கப் போகும்போது அது நினைவில் இல்லை. இப்போது பாதத்தைத் தினமும் மனைவி பார்க்கிறார். எனக்கு முதல் நாளே மருந்து தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

---

செங்காங் தாய் | சனி, பிற்பகல் 3.30

தாதி அக்கா, இரண்டு கேள்விகள் பாக்கி. ஒவ்வொரு கடிக்கும் இவனுக்கு இப்படித்தான் வருமா? திங்கட்கிழமை பாலர் பள்ளிக்கு அனுப்பலாமா? ஆசிரியை வாசலிலேயே கையைப் பார்த்து, கைகால் வாய்ப்புண் நோயா என்று கேட்டுவிட்டார்.

---

ஓய்வுபெற்ற தாதி | சனி, மாலை 4.15

இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் சில கடிகளுக்கு இப்படி வரலாம். கடிபட்டுப் பழகப் பழகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீக்கம் சிறியதாகிவிடும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. மாலையில் பூங்காவுக்குப் போகும்முன் கொசு விரட்டியைக் கைகாலில் தடவுங்கள், பிள்ளை வாயில் வைக்கும் விரல்களை விட்டுவிடுங்கள். அடுத்த கடிக்குத் தடிப்பு எழும்பிய உடனேயே குளிர் ஒத்தடமும் செட்ரிசினும் கொடுத்தால் சொறிதல் குறையும். வெளியே போகும்முன்பே செட்ரிசின் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

பள்ளிக்கு: தேன் நிறப் பொருக்கு ஒட்டக்கூடியது. களிம்பு தொடங்கி 48 மணி நேரம் ஆன பிறகோ, பொருக்கு காய்ந்த பிறகோ அனுப்பலாம். இன்று மதியம் தொடங்கியிருந்தால் திங்கள் மதியம் வரை. அதனால் திங்கட்கிழமை விடுப்பு எடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை புண்ணை மூடி அனுப்புங்கள். மருத்துவரிடம் ஒரு வரிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், சில பள்ளிகள் அதைக் கேட்கும்.